முப்பத்தேழாம் கட்டுரைக்குப் பத்தா, பதினேழா

எங்கள் தமிழாசிரியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் காளியம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி சிவபிரகாசம் ஐயா என்னிடம் கேட்டார். இருபத்தைந்து வருஷம் ஆசிரியர் பணி முடித்த ஒருவரைப் பற்றி ஒவ்வொரு மலரிலும் எழுதுவது எங்கள் சங்கத்தின் வழக்கம். நானும் எழுதிக் கொடுத்தேன். "அர்ப்பணிப்பு" என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வருகிறது. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இது அந்தக் கட்டுரை இல்லை. இது வயிற்றெரிச்சலோடு எழுதுவது. காளியம்மாவைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன், பதினாறு வருஷமாக. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும்.

காளியம்மா பிறந்தது ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா இராமசாமி பால் மரம் வெட்டியவர், ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. ஐந்து பிள்ளைகளில் இவள் மூன்றாவது. இவள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். குடும்பம் பெர்ச்சாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள், பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பட்டம் வாங்கியது எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம், வார இறுதி வகுப்பில். கணவர் கோகிலன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். செமோரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள்.

நான் அபிராமி. என் அப்பாவுக்கு ஈப்போ டவுனில் துணிக்கடை இருந்தது, வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். எம்.ஏ. படித்தவள். டவுனில் ஒரு பள்ளியில் நானும் தமிழாசிரியைதான். காளியம்மாவை விட இரண்டு வயது மூத்தவள், அதனால் என்னை அக்கா என்பாள். இவ்வளவு இருந்தும் பசார் மாலாம் இரவுச் சந்தையில் என் மாணவர்கள் என்னைக் கண்டால் காரிபாப் பலகாரக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவளைக் கண்டால் "டீச்சர்" என்று ஓடி வருவார்கள், அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு கூடவே நடப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் படித்தவன்கூட கல்யாணப் பத்திரிகையோடு அவள் வீட்டுக்குப் போவான். எனக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

என் கணவர் அருண்பிரகாஷ் சொல்வார், "காளியம்மா பேர எடுத்தாலே ஒனக்கு மூஞ்சி மாறிப்போவுதுலா. இப்படியே போனா தஞ்சோங் ரம்புத்தான்ல ஒரு ரூம் பாக்க வேண்டியதுதான்." மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. நான் சிரிக்கமாட்டேன்.

எனக்கென்று அவளிடம் இல்லாத ஒன்று இருந்தது. சங்கத்தின் கட்டுரைப் போட்டி. மாவட்டத்து ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வருஷம் ஒரு முறை நடப்பது. முதலிடம் வரும் ஒருவரைக் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் சங்கமே படிக்கவைக்கும், விடுதி உட்பட. இரண்டாம் பரிசுக்குக் கேடயமும் புத்தகமும் மட்டும். அதனால் அந்த முதலிடம் வீட்டில் வசதி இல்லாத பிள்ளைக்கு வாழ்க்கையையே மாற்றிவிடும். பதினோரு வருஷமாக அந்தப் போட்டிக்கு ஒரே நடுவர் நான்தான்.

நடுவராக இருப்பதில் எனக்குப் பெருமை அதிகம், ஏனென்றால் என்னிடம் ஒரு தாள் இருந்தது. நானே செய்தது. ஐந்து பெட்டி. கருத்துக்கு ஆறு புள்ளி, அமைப்புக்கு நான்கு, மொழிநடைக்கு நான்கு, சொல்வளத்துக்கு மூன்று, எழுத்துக்கும் நிறுத்தக்குறிக்கும் மூன்று. மொத்தம் இருபது. ஒவ்வொரு பெட்டிக்கும் எதற்கு எத்தனை என்று கீழே விளக்கம் எழுதியிருப்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை பதினொன்று வாங்கினால், கருத்தில் ஐந்து இருக்கிறது, அமைப்பில் ஒன்றுதான், போய் பத்தி பிரிக்கக் கற்றுக்கொள் என்று உடனே சொல்லிவிடலாம். பகுத்துப் பார்ப்பது என்றால் இதுதான். யாரும் வந்து ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டால் தாளை எடுத்து நீட்டுவேன். வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

இந்த வருஷம் சிவபிரகாசம் ஐயா கூப்பிட்டு, "ஒரே ஆளு பார்த்தா நாளைக்கு யாராச்சும் பேசுவாங்க. காளியம்மாவையும் சேத்துக்கலாம்," என்றார். ஐயா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கத்தின் செயலாளர். சரிங்கய்யா என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சுற்றறிக்கை அச்சாகி வந்தபோது நடுவர் என்ற இடத்தில் "திருமதி காளியம்மா, ஆசிரியர் குழு" என்று போட்டிருந்தது. அந்தக் குழு நான்தான். ஐயாவிடம் கேட்டேன், இடம் போதவில்லை என்றார்.

கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஐயா இன்னொரு மாற்றமும் செய்தார். பிள்ளைகள் ஒரு கணினி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். தலைப்பு: என் வீட்டுக்கு வரும் சாலை. நாற்பத்தோரு கட்டுரை. மேலே எண் மட்டும், பெயரும் பள்ளியும் ஆசிரியர் பெயரும் ஒட்டிய உறைக்குள். இரண்டு நடுவரும் தனித்தனியாகப் போடுவது, மூன்று புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால் சராசரி. மூன்றுக்கு மேல் போனால் முதலில் இருவரும் உட்கார்ந்து பேசுவது, ஒத்துவரவில்லை என்றால் ஐயா மூன்றாவதாகப் படித்து, நெருங்கியிருக்கிற இரண்டு புள்ளியின் சராசரியை எடுப்பது.

சனிக்கிழமை காலை சங்கக் கட்டடத்தின் மாடியில் ஆளுக்கொரு அறை. நடுவில் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் அறைக் கதவு திறந்திருந்தது. காளியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தாள். ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எங்கேயும் நிறுத்தாமல், எதையும் வட்டம் போடாமல் படித்தாள். பிறகு முன்னால் இருந்த ஆறு குவியலில் ஒன்றின் மேல் வைத்தாள்.

ஒவ்வொரு குவியலுக்கும் தலைமாட்டில் ஒரு பழைய கட்டுரை கிடந்தது. போன வருஷப் போட்டியில் வந்தது. முதல் தரம் என்றால் இப்படி, இரண்டாம் தரம் என்றால் இப்படி என்று மாதிரிக்கு. கூடவே ஒரே ஒரு பக்கம், ஒவ்வொரு தரத்துக்கும் நான்கைந்து வரி விளக்கம். முதல் தரத்துக்கு: படிப்பவரைக் கடைசிவரை கூடவே கூட்டிச் செல்கிறது, சொல்ல வந்தது தெளிவாக மனத்தில் நிற்கிறது, பிழைகள் இருந்தாலும் பொருளைக் கெடுக்கவில்லை. இப்படி.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான்கா. மொத்தமா எப்படி இருக்குன்னு பாக்குறது. மொதல்ல தரம், அப்புறம் அந்தத் தரத்துக்குள்ள எத்தனை புள்ளின்னு."

"மனசுக்குப் பட்டதப் போடுறதுதானே?"

"மனசு மாறிடும்னுதான் இந்த மாதிரிய வெச்சிருக்கேன். பதினஞ்சு படிச்சதும் ஒருதடவ மாதிரியப் படிச்சுக்குவேன். இல்லன்னா மத்தியானத்துக்கு மேல கை தாராளமாயிடும்கா, எனக்கே தெரியும்."

நாற்பத்தோரு கட்டுரையையும் ஒரு முறை படித்துக் குவித்து, குவியலுக்குள் மறுபடி சரிபார்த்து, பன்னிரண்டு மணிக்கு முடித்துவிட்டாள். எனக்கு மணி இரண்டாகிவிட்டது. ஒரு கட்டுரைக்கு ஐந்து பெட்டி என்றால் இருநூற்றைந்து தீர்ப்பு. அவள் கோகிலன் கொண்டுவந்து கொடுத்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டு எனக்கும் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஐயா இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். முக்கால்வாசி ஒன்று இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஒத்துப்போயின. எனக்கே ஆச்சரியம். இரண்டு கட்டுரை மட்டும் மூன்று புள்ளியைத் தாண்டின.

பன்னிரண்டாம் கட்டுரைக்கு நான் பதினேழு. அவள் பதின்மூன்று. முப்பத்தேழாம் கட்டுரைக்கு நான் பத்து, அவள் பதினேழு.

என் பட்டியலில் பன்னிரண்டு முதலிடம், முப்பத்தேழு பரிசுப் பக்கமே வராது. அவள் பட்டியலில் முப்பத்தேழு முதலிடம். ஒரே கட்டுரை, ஒரே இருபது புள்ளி. கோலாலம்பூருக்குப் போகப்போவது யார் என்பது இந்த வித்தியாசத்தில் நின்றது.

"பன்னெண்டுல என்னம்மா பிரச்சனை?" என்று ஐயா அவளிடம் கேட்டார்.

"பிரச்சனை ஒண்ணும் இல்லைங்கய்யா. முன்னுரை இருக்கு, முடிவுரை இருக்கு, பிழையே இல்ல. அபிராமியக்கா தாள்ல எல்லாப் பொட்டியும் நெறையும். ஆனா படிச்சு முடிச்சதும் அந்த ரோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. எந்த ஊரு ரோடுக்கும் அத வைக்கலாம்."

அது உண்மைதான். அந்தக் கட்டுரையின் முதல் பத்தி "மனித வாழ்வின் பயணத்தில் சாலைகள் வெறும் பாதைகள் அல்ல" என்று தொடங்கியது. அந்த வரி என் மாதிரிக் கட்டுரைத் தொகுப்பில் இருப்பது. வாட்ஸ்அப்பில் ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் வரை சுற்றுகிற தொகுப்பு. யாரோ ஒரு பிள்ளை என் வரியைப் பாடமாக்கி எனக்கே அனுப்பியிருந்தது, நானும் பதினேழு கொடுத்திருந்தேன். ஐந்து பெட்டியையும் தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பெட்டியிலும் குறை சொல்ல முடியாது. ஐந்தும் சேர்ந்து ஒன்றுமே இல்லாமல் போகலாம் என்று சொல்ல என் தாளில் பெட்டி கிடையாது.

இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

முப்பத்தேழு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முன்னுரையே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பத்தி. "எங்க வீட்டுக்கு வர்ற ரோட்டுக்கு மூணு பேரு," என்று தொடங்கியது. "பழைய ஆளுங்க பால் ஸ்டோர் ரோடுன்னு சொல்வாங்க. தாமான்ல இருக்கிறவங்க பின்னால ரோடுன்னு சொல்வாங்க. கிராப் டிரைவர் மேப்ல ரோடே இல்லைன்னு சொல்லி ரத்து பண்ணிடுவார்." நடுவில் ஓர் இடம். "அம்மா விடியக் காலையில ஃபேக்டரி பஸ்ஸுக்கு நடக்கும்போது டார்ச் அடிக்க மாட்டாங்க. லுபாங் எங்க இருக்குன்னு அம்மா காலுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். டவுன்ல நல்ல ரோட்டுல நடக்கும்போதும் நான் இல்லாத லுபாங்க தாண்டித் தாண்டி நடக்கிறேன், ஃபிரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க." லுபாங் என்றால் குழி, தாமான் என்றால் குடியிருப்பு, இரண்டும் மலாய்ச் சொல். இப்படிக் கட்டுரை முழுக்க மலாயும் ஆங்கிலமும் பேச்சுத் தமிழும். தட்டச்சுப் பிழை வரிக்கு ஒன்று.

"பால் ஸ்டோர்" என்றால் தோட்டத்தில் ரப்பர்ப் பாலை நிறுத்துச் சேர்க்கிற கொட்டகை. அதைப் படித்ததுமே எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. இது செமோர்ப் பக்கத்துத் தோட்டம், இது காளியம்மா பள்ளிப் பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டேன்.

"கருத்து நல்லா இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல," என்றேன் ஐயாவிடம். "ஆனா அமைப்பு? நடை? மாநில அளவுல இருந்து யாராவது வந்து இதுக்கா முதல் பரிசுன்னு கேட்டா நாம என்ன சொல்றது?"

"இது தேர்வு இல்லைங்கக்கா," என்றாள் காளியம்மா. "இங்க பிள்ளைக்கு எது வரல, எதத் திருத்தணும்னு யாரும் கேக்கல. நாப்பத்தொண்ணுல நல்லா எழுதுறது யாருன்னு ஒரே கேள்வி. அதுக்கு மொத்தமாப் பாத்தா போதும். அதுவும் புள்ளைங்க கீபோர்டுல பழகாததுங்க. பிழைக்குத் தனியா மூணு புள்ளி வெச்சா, யாரு வேகமா டைப் அடிப்பாங்கன்னுதான் தெரியும்."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் தாங்கவில்லை. அது என் வகுப்பறைத் தாள். கையால் எழுதும் பிள்ளைகளுக்கு, எதைத் திருத்திக்கொள்ளலாம் என்று காட்டுவதற்காக நான் செய்தது. அதைப் பதினோரு வருஷமாகப் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தட்டச்சு என்று ஆன பிறகும் ஒரு பெட்டியையும் மாற்றவில்லை. அதற்கு நான் சொன்ன பதில் இது:

"ஒங்க எஸ்டேட்டுப் புள்ளன்னு போட்டுட்டீங்க. அதச் சொல்லுங்க, அத விட்டுட்டு முறையப் பத்திப் பாடம் எடுக்காதீங்க."

அறையில் ஐயா, நான், அவள். காளியம்மாவுக்கு முகம் சிவந்தது. கோபத்தில் அவள் கத்துவாள், நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன்.

"ஒங்க தாளக் கொஞ்சம் பாக்கலாமாக்கா?" என்றாள்.

கொடுத்தேன். தாளைக் காட்டுவதில் எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். அமைப்பு ஒன்று. நடை இரண்டு. சொல்வளம் இரண்டு. எழுத்து ஒன்று.

"லுபாங்குக்கு நடையிலயும் கொறச்சிருக்கீங்க, சொல்வளத்துலயும் கொறச்சிருக்கீங்க," என்றாள். "ஒரே தப்புக்கு ரெண்டு பொட்டில."

அது பெரிய குற்றம் இல்லை. பெட்டிகளுக்கு நடுவில் வேலி சரியாகப் போடாவிட்டால் எல்லோருக்கும் நடப்பதுதான். நான் பயந்தது அடுத்ததற்கு. அவள் விரல் கருத்துப் பெட்டிக்குப் போய் நின்றது. அங்கே நான்கு என்று எழுதியிருந்தது. நான்குக்கு அடியில் ரப்பரால் அழித்த ஐந்து தெரிந்தது. தாளின் மேல் மூலையில், பென்சிலில், சின்னதாகப் பத்து.

அந்தப் பத்தைத்தான் நான் முதலில் எழுதினேன். கட்டுரையை முழுக்கப் படிப்பதற்கு முன்னால், பால் ஸ்டோர் என்ற இடத்திலேயே. அதற்கப்புறம் பெட்டிகளை நிரப்பினேன், கூட்டினேன், பதினொன்று வந்தது. பத்து வரட்டும் என்று கருத்தில் ஐந்தை நான்காக்கினேன். பகுத்துப் பார்ப்பது நேர்மை, மொத்தமாகப் பார்ப்பது மனம்போன போக்கு என்று பதினாறு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள் நான். காளியம்மா மொத்தமாகப் பார்த்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பார்த்தாள். நான் நான்கு வரியில் பார்த்துவிட்டு அதை ஐந்து பெட்டியில் ஒளித்துவைத்திருந்தேன். மதிப்பிடுகிறவர் இதைச் செய்தால் எந்தத் தாளாலும் காப்பாற்ற முடியாது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். தாளையும் என்னையும் பார்த்தாள். "சரிங்கய்யா, நாங்க பேசி ஒத்துவரல. நீங்க படிங்க," என்றாள். தாளை ஐயாவிடம் கொடுக்கவில்லை. மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை. போட்டுக் கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐயா இரண்டு கட்டுரையையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், முப்பத்தேழை இன்னொரு தரம் படித்தார். பன்னிரண்டுக்குப் பதினான்கு, முப்பத்தேழுக்குப் பதினாறு. அப்படியென்றால் பன்னிரண்டுக்குப் பதின்மூன்றரை, முப்பத்தேழுக்குப் பதினாறரை. அடுத்து வந்த கட்டுரை பதினைந்தரை. முப்பத்தேழு முதலிடம்.

"நானும் ஒங்க தாளுக்குப் பழகினவன்தான்மா," என்றார் என்னிடம். "ஆனா இந்தப் புள்ளைய அனுப்பாம வேற யார அனுப்புறது?"

உறையைக் கிழித்தார். செமோர் என்று வரப்போகிறது, அப்போது ஒரு பார்வை பார்க்கலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐயா படித்தார், நிறுத்தினார், மறுபடி படித்தார்.

"திவ்யதர்ஷினி. அபிராமி, இது ஒங்க ஸ்கூல்தானே? ஆசிரியர் பேரும் நீங்கதான் போட்டிருக்கு."

என் ஐந்தாம் படிவ வகுப்பு. ஜன்னலோரம் மூன்றாவது வரிசை. இரண்டு வருஷமாக என்னிடம் படிக்கிறவள். வகுப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வாங்குவாள். முன்னுரை எழுதுவாள், முடிவுரை எழுதுவாள், நான் சொன்ன உவமையைச் சொன்ன இடத்தில் வைப்பாள். எந்தக் கட்டுரையும் எனக்கு நினைவில் இல்லை. அவள் வீடு எங்கே என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இந்தப் பக்கம் எத்தனையோ பழைய தோட்டம் இருக்கிறது, பால் ஸ்டோர் என்றால் செமோர் மட்டும்தான் என்று நினைத்தது என் புத்தி.

காளியம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "வாழ்த்துக்கா. நல்லா வளத்திருக்கீங்க புள்ளைய."

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதுதான் என் பிரச்சனையே. நன்றி சொன்னேன். என்ன செய்வது, சொல்லித்தானே ஆகவேண்டும்.

கீழே இறங்கும்போது அவள் கேட்டாள், "அக்கா, அந்தத் தாள்ல ஒரு காப்பி குடுப்பீங்களா? வகுப்புக்கு."

"எதுக்கு? நீங்கதான் மொத்தமாப் பாக்குறவங்களாச்சே."

"பத்துமலைன்னு ஒரு பையன்கா. மூணு தடவையா ஒம்பது, ஒம்பது, ஒம்பதுன்னே போட்டுட்டு இருக்கேன். போன வாரம் வந்து, நான் என்ன டீச்சர் மாத்தணும்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. ஒம்பதுன்னா ஒம்பதுதான், அதுக்குள்ள எது ஓட்டைன்னு மொத்தப் புள்ளி காட்டாதுலா. ஒங்க தாள் காட்டும்."

கொடுத்தேன். அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் எழுதினாள். பத்துமலைக்குக் கருத்தில் ஐந்து வருகிறது, சொல்வளத்தில் இரண்டு வருகிறது, அமைப்பில் மட்டும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் நிற்கிறான், அது ஒன்றைத்தான் இந்தப் பருவம் அவனோடு பார்க்கப் போகிறேன் என்று. ஜூலையில் அவன் பதின்மூன்று வாங்கினான். சொல்வளப் பெட்டியும் நடைப் பெட்டியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற இடத்தைச் சரிசெய்து தாளை எனக்கே திருப்பி அனுப்பினாள், "பாத்து சொல்லுங்கக்கா" என்று. நான் செய்த தாள், பதினோரு வருஷம் கையில் வைத்திருந்தது, அவள் கைக்குப் போய் நாலு மாதத்தில் நல்ல தாளாகிவிட்டது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. வெளியில் வாங்கிச் சாப்பிட்டோம்.

பரிசளிப்பு ஆகஸ்ட்டில் நடந்தது. திவ்யதர்ஷினி அவள் அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா புஷ்பலதா தொழிற்சாலைச் சீருடை மேல் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். மேடையில் ஐயா வெற்றிபெற்றவரின் பெயரைச் சொல்லி, வழிகாட்டிய ஆசிரியர் திருமதி அபிராமி என்றும் சொன்னார். கைதட்டினார்கள். மேலே போய் நின்றேன். கீழே இரண்டாவது வரிசையில் காளியம்மா எல்லோரையும் விட அதிகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். பத்தா பதினேழா என்ற கதை மூன்று பேருக்குத்தான் தெரியும், இன்று வரை நான்காவது ஆளுக்கு அவள் வாயிலிருந்து போகவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் புஷ்பலதா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லைன்னா எம்மவ காலேஜ் போவாளா டீச்சர்," என்றார்.

அம்மா சாப்பாட்டு வரிசைக்குப் போனபின் திவ்யதர்ஷினி மட்டும் நின்றாள். சான்றிதழை மார்போடு பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து தயங்கினாள்.

"என்னம்மா?"

"டீச்சர், கோவப்படாதீங்க. நீங்களும் மார்க் போட்டீங்கன்னு இப்பதான் ஐயா சொன்னாரு. எனக்குத் தெரியாது டீச்சர்."

"அதுக்கு என்ன?"

"சர்க்குலர்ல காளியம்மா டீச்சர் பேரு மட்டும் இருந்துச்சு. இந்த வருஷம் நீங்க பாக்கலன்னு நெனச்சுட்டேன். அதான் மனசுல வந்தத அப்படியே அடிச்சுட்டேன். பாரா பிரிக்கல, ஒண்ணும் பண்ணல. நீங்க பாப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்கா எழுதியிருப்பேன் டீச்சர். சாரி."

பிள்ளை உண்மையாகவே மன்னிப்புக் கேட்டது. பரவாயில்லை, போய்ச் சாப்பிடு என்றேன். அவள் வரிசையில் போய் நின்றாள். காளியம்மா அவளைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

எனக்காக எழுதியிருந்தால் அவள் ஒழுங்காக எழுதியிருப்பாள். நான் பதினேழு கொடுத்திருப்பேன். காளியம்மா பதின்மூன்று கொடுத்திருப்பாள், ஐயா பதினான்கு கொடுத்திருப்பார், அவள் இன்னும் அந்த ரோட்டில்தான் நடந்துகொண்டிருப்பாள்.